மௌனம்னு எழுதிட்டுப் புல்லாங்குழல் வாசிக்காதே

ஏலே பேராண்டி, இங்க வா. விழாவுக்கு அனுப்புத இந்த டைரக்டர் ஸ்டேட்மென்ட் காயிதத்தை நீதான் எழுதினியா, இல்ல எவனாவது பேராசிரியர்கிட்ட வட்டிக்கு வாங்கிட்டு வந்தியா? “‘ரேகை’ வெறும் குறும்படமல்ல. தொழில்நுட்ப யுகத்தில் அடையாளம் என்னும் கருத்தாக்கத்தின் சிதைவையும், இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான மெல்லிய கோட்டையும், அமைப்பின் நுண் வன்முறையையும் கவித்துவக் காட்சிமொழியில் இப்படம் விசாரணை செய்கிறது.” விசாரணை செய்யுதாமே! லத்தியை எங்கலே வச்சிருக்கே?

உன் படத்தை நான் பாத்தாச்சு. 12 நிமிசம். பீடி சுத்துத ஒரு பொம்பளை ரேஷன் கடைக்குப் போறா. விரல் தேஞ்சு கெடக்கு. மிஷின் ரேகையை எடுக்க மாட்டேங்குது. முந்தானையில துடைக்கா, வாயால ஊதுதா, மறுபடியும் வைக்கா. பின்னால வரிசையில நிக்கவன் உச்சுக் கொட்டுதான். நல்லாத்தான் எடுத்திருக்கே, அதுல நான் பழுது சொல்லலை. ஆனா இந்த முதல் பாராவுல ரேஷன் கடை எங்கலே? அரிசி எங்க? பீடி எங்க? விரலையாவது தேடினேன், அதையும் காணோம். இருப்பு இருக்கு, இன்மை இருக்கு, சரக்கு மட்டும் இல்லை.

ஒரு காரியம் பண்ணு. படத்தோட பேரை மட்டும் கையால மறைச்சிக்கோ. மேலத்தெருப் பையன் தொலைஞ்சுபோன நாயைப் பத்தி ஒரு படம் எடுத்தாம்லா, அதுக்கு அடியில இந்தப் பாராவை ஒட்டிப் பாரு. கச்சிதமா ஒட்டிக்கிடும். நாய்க்கும் அடையாளம் உண்டு, இருப்பு உண்டு, தொலைஞ்சுபோனதால இன்மையும் உண்டு. நாய் பிடிக்க வந்த வண்டிக்காரன்தான் நுண் வன்முறை. ரெண்டு படத்துக்கும் ஒரே ஸ்டேட்மென்ட் பொருந்துச்சுன்னா, அது ரெண்டுக்குமே ஸ்டேட்மென்ட் இல்லைலே.

கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நீ முழிக்கது தெரியுது. தாலுகா ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில மனு எழுதியே உங்க அப்பனைப் படிக்க வச்சவன் நான். சாயங்காலமானா டவுன் ஃபிலிம் சொசைட்டியில போய் உக்காருவேன். பதினாறு எம்.எம். சுருள்ல பாதி அறுந்த படமா பாத்துப் பழகின ஆளு. அந்தப் பழக்கத்தை வச்சு, டவுன்ல குறும்பட விழா நடத்தினப்ப முதல்கட்டத் தேர்வுக்கு என்னையும் கூப்பிட்டு உக்கார வச்சாக. படம் வரிசையா ஓடும். ஒவ்வொண்ணுக்கும் அடியில டைரக்டர் எழுதினது இருக்கும். வாசிச்சு வாசிச்சு எனக்கு ஒண்ணு வெளங்கிச்சு. மனுவும் இதுவும் ஒரே சாதி. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல வரிசை வாசலைத் தாண்டி நிக்கும். அதிகாரி ஒரு மனுவைக் கையில வாங்கி, கண்ணை ஓட்டி, அடுத்த ஆளைப் பாப்பாரு. அந்த நேரத்துக்குள்ள உனக்கு என்ன நடந்துச்சு, நீ என்ன கேக்கேன்னு தெரியணும். “பாரத தேசத்தின் பாமரக் குடிமகனாகிய”ன்னு ஆரம்பிக்கிற மனுவெல்லாம் கட்டுக்குள்ள போயிரும். பட்டா நம்பரோட ஆரம்பிக்கிற மனு மேசையில நிக்கும்.

உன் காயிதம் போற எடத்தையும் நெனச்சுப் பாரு. ஃபிரான்ஸ்ல கிளெர்மோன்-ஃபெரான்னு ஒரு ஊரு. குறும்படத்துக்குன்னே திருவிழா நடத்துத ஊரு. வருசா வருசம் ஆயிரக்கணக்குல படம் வந்து குவியும். ஜெர்மனியில ஓபர்ஹவுசன் 1954லேருந்து நடத்துதான். பக்கத்துலயே திருவனந்தபுரத்துல கேரளக்காரன் ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் சேத்து நடத்துதான். அங்கெல்லாம் முதல் சல்லடையில உக்காந்திருக்கது பெரும்பாலும் பெரிய பேரு வாங்கின ஜூரி இல்லை. என்னை மாதிரி ஆளுகதான். ராத்திரி கண்ணு எரிய எரியப் பாக்கவன். அதுல சில பேரு ஸ்டேட்மென்டை முதல்ல வாசிப்பான், சில பேரு படம் பாத்த பிறகு வாசிப்பான், சில பேரு வாசிக்கவே மாட்டான். நான் படம் பாத்த பிறகுதான் வாசிப்பேன். படம் என் மனசுல என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும். பண்ணினவன் அதைத்தான் நெனச்சானான்னு ஒத்துப் பாக்கத்தான் அந்தக் காயிதம். மோசமான படத்தை அது தூக்கி நிறுத்தி நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்லை. நல்ல படத்துமேல சந்தேகம் கிளப்பிப் பாத்திருக்கேன்.

ஒரு பையன் எழுதியிருந்தான்: “இப்படத்தில் மௌனமே மொழி.” சரி, மௌனமா இருப்போம்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தோம். முதல் ஷாட்லயே வயலின் ஆரம்பிச்சுது. டைட்டில் முடியுத வரைக்கும் நிக்கலை. பக்கத்துல இருந்த டீச்சரம்மா, “வயலின் வாசிக்கவன்தான் ஊமை போல”ன்னாக. படம் ஒண்ணும் மோசமில்லை. ஆனா சொன்னதுக்கும் செஞ்சதுக்கும் பொருந்தலைன்னு தெரிஞ்ச பிறகு, அவன் தெரிஞ்சு பண்ணின நல்ல எடத்தையும் ‘தற்செயலா வந்திருக்கும்’னுதான் பாத்தோம்.

நீ சிரிக்காதே. உன் காயிதத்துல மூணாவது பாரா: “பின்னணி இசையைத் தவிர்த்து, இயல்பொலிகளை மட்டுமே நம்பும் படம்.” பதினோராவது நிமிசத்துல அந்தப் புல்லாங்குழல் எங்கேருந்து வந்துச்சு? ரேஷன் கடைக்காரன் ஓய்வு நேரத்துல ஊதினானா? “அது ஃபிரெண்டு வாசிச்சது தாத்தா, எடுத்தா கோவிச்சுக்கிடுவான்”ங்கே. சரி, நட்பு பெருசு. குழல் இருக்கட்டும். அந்த வரியை வெட்டு. ஸ்டேட்மென்ட்ல ஒரு வாக்கு குடுத்தா அது திரையில நிக்கணும். எழுதி முடிச்ச பிறகு படத்தைப் போட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இது எத்தனையாவது நிமிசத்துல இருக்கு’ன்னு பக்கத்துல பென்சிலால குறி. நிமிசமும் குறிக்க முடியாத, படம் பிறந்த காரணத்தையும் சொல்லாத வாக்கியம் வேண்டாத சுமை.

ஆமா, எந்தப் பெட்டியில எதைப் போடணும்கதையும் கொளப்பி வச்சிருக்கே. இப்ப எல்லாம் ஃபிலிம்ஃப்ரீவே மாதிரி தளத்துல ஒரே பக்கம் போட்டு, அங்கேருந்தே நாலு விழாவுக்கு அனுப்புதீகள்லா. அதுல கதைச் சுருக்கத்துக்கு ஒரு பெட்டி, உன் வரலாறுக்கு ஒரு பெட்டி, செலவு, நாள், கேமரா, மொழி எல்லாத்துக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கு. நீ என்ன பண்ணியிருக்கே? டைரக்டர் ஸ்டேட்மென்ட் பெட்டியில கதை முழுசையும் சொல்லிட்டே. கடைசியில மகள் வந்து விரல் வைக்கா, மிஷின் ஏத்துக்கிடுதுன்னு முடிவையும் எழுதிட்டே. படம் தேர்வாச்சுன்னா இந்த எழுத்தை அப்படியே எடுத்து விழாப் புத்தகத்துல அச்சடிப்பான்லே. டிக்கெட் வாங்கினவன் உக்காந்து வாசிச்சுட்டு, ‘ஓ, மகள் வருவாளா’ன்னு கையைக் கட்டிக்கிடுவான். ‘என்ன நடக்கு’ங்கது சுருக்கத்தோட வேலை. ‘என்னத்துக்கு எடுத்தேன், ஏன் இப்படி எடுத்தேன்’ங்கது இந்தப் பெட்டியோட வேலை.

அப்புறம் “உங்கள் மாபெரும் கிளெர்மோன் மேடையில் இடம்பெறுவது என் வாழ்நாள் கனவு”ன்னு கடைசி வரி போட்டிருக்கே. ஒரே எழுத்தைத்தானே எல்லா விழாவுக்கும் அனுப்பப் போறே? திருவனந்தபுரத்துக்காரன் இதை வாசிச்சா என்ன நெனப்பான்? பொண்ணு பாக்கப் போன வீட்டுல பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரைச் சொன்ன கதைதான். வெட்டு.

“மிகக் குறைந்த பொருட்செலவில், இரண்டே நாட்களில், பல இன்னல்களுக்கிடையே.” செலவுக்குத் தனிப் பெட்டி இருக்குன்னு சொன்னேன். இன்னல் இல்லாம எவன்லே படம் எடுத்தான்? பாக்கவன் மனசுல இரக்கம் வரலாம், ஆனா இரக்கத்துக்கு நாற்காலி போட்டு வைக்க எந்த விழாவுலயும் எடமில்லை.

இப்ப அந்த ரெண்டாவது பாராவுக்கு வாரேன். “சத்யஜித் ராய், தார்கோவ்ஸ்கி, கியாரஸ்தமி ஆகிய மேதைகளின் பாதிப்பில்.” மூணு பெரிய மனுசங்களையும் கூட்டிட்டு வந்து நம்ம திண்ணையில உக்கார வச்சிட்டே. காப்பி யாரு போடுதது? இந்தப் பேரை வாசிச்ச உடனே பாக்கவன் கையில ஒரு அளவுகோலைக் குடுத்த மாதிரி ஆயிருது. ‘ராய் மாதிரியா இருக்கு?’ன்னு அளக்க ஆரம்பிப்பான். உன் பன்னெண்டு நிமிசத்தை எதுக்குலே அந்த அளவுகோலுக்கு அடியில கொண்டுபோய் வைக்கே?

பேரே சொல்லக் கூடாதுன்னு இல்லை. ஒரு கேள்வி கேக்கேன். உன் படத்துல கடைக்குள்ள கேமரா போகவே இல்லை. மிஷின் சத்தம் கேக்கு, கடைக்காரன் குரல் கேக்கு, மூட்டை நிறுக்கிற சத்தம் கேக்கு. நாம பாக்கது அந்தப் பொம்பளை முகத்தையும் கையையும் மட்டும். கியாரஸ்தமி 2008ல ‘ஷிரின்’னு ஒரு படம் எடுத்தாரு. ஒரு சினிமாவைப் பாத்துக்கிட்டிருக்கிற பொம்பளைகளோட முகம், அதுதான் மொத்தப் படமும். அவுக பாக்குத சினிமாவை நமக்குக் காட்டவே மாட்டாரு, காதுல மட்டும்தான் விழும். நீ அதைப் பாத்துட்டுத்தான் இப்படி எடுத்தேன்னா, அந்த ஒரு பேரை எழுது, எதை எடுத்துக்கிட்டேன்னும் எழுது. அது நேர்மையான கடன். பாத்தியா? தலையை ஆட்டுதே, பாக்கலை. அப்ப கடனும் இல்லை, பேரும் வேண்டாம்.

சரி, அப்ப ஏன் கடைக்குள்ள போகலை? இதுக்கு நீ எழுதியிருக்கதைப் பாத்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. “அதிகாரத்தின் முகமின்மையைக் குறிக்கும் பொருட்டு, திட்டமிட்டே கடையின் உட்புறம் காட்சிப்படுத்தப்படவில்லை.” திட்டமிட்டா? நீயும் அந்தக் கேமராப் பையனும் அனுமதி கேட்டு ரெண்டு வாரம் அலைஞ்சது எனக்குத் தெரியாதா? மனுவே நான்தானலே எழுதிக் குடுத்தேன்! அனுமதி குடுக்கலை, அதனால வெளியில சுவரோரமா நின்னு எடுத்தீக. எடிட்டிங்ல உக்காந்து பாத்தப்ப அதுதான் நல்லா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டீக. அதுல என்னலே அவமானம்? அதை அப்படியே எழுது. ‘அனுமதி கிடைக்கலை, ஒலியா மட்டும் வச்சோம், அது முகத்தை விட்டு நகராம இருக்க உதவுச்சு’ன்னு. கிடைக்காததை வச்சு ஒரு முடிவெடுத்தவனை அனுபவசாலி உடனே மதிப்பான். ‘திட்டமிட்டே’ன்னு எழுதினவனை மேடையில நிறுத்தி, ‘உள்ள எடுத்துப் பாத்தீங்களா, ஏன் வேண்டாம்னு முடிவு பண்ணினீங்க?’ன்னு ஒரு கேள்வி கேட்டாப் போதும். காத்து இறங்கிரும். படம் முடிஞ்சு பேச்சு நடத்துதவுக இந்தக் காயிதத்தைக் கையில வச்சிக்கிட்டுத்தான் கேப்பாக. பதில் சொல்ல முடியாத எதையும் இதுல விதைக்காதே.

வெட்ட வேண்டியதை வெட்டியாச்சு. மிச்சம் என்ன இருக்கு பாரு. படத்தோட பேரு மட்டும் நிக்கு. மூஞ்சியைத் தூக்காதே, இனிமேத்தான் வேலை. நான் கேக்கேன், நீ சொல்லு. என்னத்துக்குலே இந்தப் படத்தை எடுத்தே?

“சமூகப் பிரச்சினையைப் பேச.”

அது பேப்பர்ல வருது. ரேகை விழலை, அரிசி கிடைக்கலைன்னு செய்தி நானே வாசிச்சிருக்கேன். அதுக்குப் படம் வேண்டாம். நீ ஏன் எடுத்தே?

“உழைக்கும் பெண்களோட வலியை…”

எல்லாப் பொம்பளைக்கும் வக்கீலா உன்னை எப்பலே வச்சாக? உனக்கு எந்தப் பொம்பளையைத் தெரியும்?

“அம்மையைத்தான்.”

ம். இப்பத்தான் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வந்திருக்கே. உள்ள வா. அம்மைக்கு என்ன நடந்துச்சு?

இப்பத்தானே நீ சொல்லுதே. ஒரு நாள் அம்மைகூட கடைக்குப் போனதை. விரலை வச்சு வச்சுப் பாத்துட்டு, கடைசியில அவ அந்த மிஷினைப் பாத்து, “மன்னிச்சிக்கிடுங்கய்யா”ன்னு சொன்னதை. கடைக்காரனைப் பாத்துச் சொல்லலை, மிஷினைப் பாத்து. நீ பக்கத்துல பையைப் பிடிச்சிக்கிட்டு நின்னதை. இவ்வளவு பெரிய சங்கதியை மடியில வச்சிக்கிட்டு, ‘கருத்தாக்கத்தின் சிதைவு’ன்னு என்னத்தையோ எழுதிக்கிட்டுத் திரிஞ்சிருக்கியே! உன் படத்துல எட்டாவது நிமிசத்துல அந்தப் பொம்பளை உதடு அசையுதே, சத்தம் வரலை, எனக்கு முதல்ல புரியலை. இப்பப் புரியுது. ஸ்டேட்மென்ட் பண்ண வேண்டிய வேலை இதுதான். படத்துல ஏற்கெனவே இருக்கிற ஒண்ணுமேல விளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கது. இல்லாததை வரைஞ்சு காட்டுதது இல்லை.

நம்ம மதுரைப் பக்கத்து வினோத்ராஜ் இருக்காருல்லா, ‘கூழாங்கல்’ எடுத்தவரு. 2021ல ராட்டர்டாம்ல புலி விருது வாங்கின படம். அந்தப் படம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டதுக்கு அவரு தத்துவம் ஒண்ணும் பேசலை. புருசன் வீட்டுலேருந்து துரத்தி விட்ட தன் அக்காதங்கச்சி ஒருத்தி கைப்பிள்ளையோட நடந்தே ஊரு வந்து சேந்ததைச் சொன்னாரு. அதைக் கேட்ட பிறகு படத்துல அந்த அப்பனும் மகனும் கொதிக்கிற வெயில்ல நடக்கதைப் பாத்தா, யாரை ஏன் நடக்க விட்டிருக்காருன்னு தானா வெளங்கும். ஒரு சம்பவம், ஒரு நடை. அதுக்கு மேல அவரு என்னத்தைச் சொல்லணும்?

ஆனா ஒண்ணு, பேராண்டி. இது உன் சங்கதி மட்டும் இல்லை, உங்க அம்மை சங்கதி. புத்தகத்துல அச்சாகும், ஊரு பேரு தெரியாதவன் வாசிப்பான், மைக்கை நீட்டி “உங்கம்மா இப்ப எப்படி இருக்காங்க?”ன்னு கேப்பான். அவகிட்ட கேட்டியா? கேக்கலை. போய்க் கேட்டுட்டு வா. வந்துட்டியா, என்ன சொன்னா? “மன்னிப்புக் கேட்டதை எழுதிக்கோ. அழுதேன்னு எழுதாதே, நான் அழலை.” அதுக்குள்ள நீ என்ன எழுதி வச்சிருந்தே? ‘கண்ணீர் மல்க.’ பாத்தியா? உன்னை விட அவதாம்லே நல்ல டைரக்டரு. சுளகை மடியில வச்சு, இலையைத் தகடு வச்சு நறுக்கி, தூளைப் போட்டுச் சுருட்டி, நூலைக் கட்டி, நுனியை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கணக்கு முடிக்கவ. தேவையில்லாத ஒரு சுத்து நூலு அவ கையில விழாது.

உன் படத்துல நடிச்ச அக்காவும் அப்படித்தானே? முப்பது வருசமாப் பீடி சுத்துதவ. “தொழில்முறை அல்லாத நடிகர்களைக் கொண்டு”ன்னு பொதுவா எழுதியிருந்தே. அது செலவு மிச்சம் பண்ணின மாதிரி கேக்குது. ஏன் அவளைப் போட்டே? “கைக்காகத்தான் தாத்தா”ன்னே. அப்ப கையைச் சொல்லு.

இன்னொரு சங்கதி. நமக்கு ரேஷன் கடைன்னா போதும். ஓபர்ஹவுசன்ல இருக்கவனுக்கு ரேஷன்னா போர்க்காலத்து ஞாபகம் வரும். அரிசிக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்னு அவனுக்குத் தெரியாது. பீடின்னா என்னன்னும் தெரியாது. படத்துல அதை விளக்க எடமில்லை, விளக்கினா படம் பாடமாயிரும். அந்த அரை வரியை ஸ்டேட்மென்ட்ல வச்சிக்கிடலாம். புள்ளிவிவரம் கொட்டாதே. “கோடிக்கணக்கான பெண்கள்”னு எழுதினா எந்தக் கணக்குன்னு கேப்பான். இலவச அரிசிக்குக் கைரேகை வைக்கணும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிய வேண்டியது.

பாக்கவன் மனசு என்ன ஆகும்னும் நீ எழுத வேண்டாம். “பார்வையாளரின் மனசாட்சியை உலுக்கும்”ங்கே. உலுக்கினா அவனுக்கே தெரியும். உலுக்கலைன்னா உன் வரியைப் பாத்துச் சிரிப்பான். ரெண்டுலயும் உனக்கு ஆதாயம் இல்லை.

சரி, எடு பேனாவை. நீ எழுத்துத் தமிழ்லயே எழுது, என் பேச்சை அப்படியே எழுதிராதே. நீ வாயால சொன்னதைத்தான் கோத்திருக்கேன்:

“தென்தமிழ்நாட்டில் என் அம்மா பீடி சுற்றுகிறார். இலவச அரிசி வாங்க அரசுக் கடையில் கைரேகை வைக்க வேண்டும். இலையும் நூலும் தேய்த்த அவர் விரலை இயந்திரம் பலமுறை ஏற்கவில்லை. ஒருநாள் அவர் அந்த இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டதை அருகில் நின்று பார்த்தேன். குற்றம் செய்யாத ஒருவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார் என்பதைத்தான் இந்தப் படம் கவனிக்கிறது. கடைக்குள் படம்பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் கடையை ஒலியாக மட்டும் வைத்தோம். படத்தொகுப்பில், அந்தப் பெண்ணின் முகத்தை விட்டு நகராமலிருக்க அதுவே உதவியது. முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுபவர். அந்தக் கைகளை வேறு யாராலும் நடித்துக் காட்ட முடியாது என்று நினைத்தேன்.”

எழுபது சொச்சம் சொல்லுதான். நீ ரெண்டு பக்கம் எழுதியிருந்தே. இங்கிலீஷ்ல மாத்தினா நூறைத் தாண்டும், தமிழ்ல ஒரே சொல்லுல அடங்கினது அங்க மூணு சொல்லா விரியும். அதுக்கு எடம் விட்டுத்தான் இங்க சுருக்கினது. பெட்டியில அளவு போட்டிருந்தா, சொல் கணக்கா எழுத்துக் கணக்கான்னு பாத்துக்கோ. எழுத்துக் கணக்குன்னா இடைவெளியையும் எண்ணுவான். மாத்துதப்ப உன் காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தன் வந்து “இது ரொம்பச் சாதாரணமா இருக்குடா”ன்னு ரெண்டு பெரிய வார்த்தையைச் சொருகப் பாப்பான். அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு.

இதுல ஏதாவது குறையுதான்னு கேளு. குறையுது. மகளைப் பத்தி ஒண்ணும் இல்லை. வேணும்னுதான் விட்டேன், அது திரையில தெரியட்டும். மிஷின் தப்பா, சர்க்கார் தப்பான்னு தீர்ப்பு இல்லை. உன் படமும் தீர்ப்புச் சொல்லலையே, பிறகு காயிதம் மட்டும் என்னத்துக்கு நீதிபதி வேசம் போடணும்? ‘கவனிக்கிறது’ன்னு போட்டிருக்கேன். அது மட்டும்தான் உன் கேமரா உண்மையிலேயே பண்ணினது. இதைவிடக் குறைக்கச் சொன்னா, அம்பது சொல்லுதான் எடம்னு ஒரு விழா கேட்டா, எதை வெட்டுவே? கடைசி ரெண்டு வாக்கியத்தையும் முதல்ல வெட்டு, கையைத் திரையில பாத்துக்கிடுவாக. அதுக்கடுத்து எடிட்டிங் வரி. மன்னிப்பு வரியில மட்டும் கை வைக்காதே. அது போச்சுன்னா திரும்பவும் மேலத்தெரு நாய்க்கு ஒட்டிக்கிடும்.

முடிஞ்சுதா? அதுக்குள்ள கம்ப்யூட்டரை மூடுதியே. இந்தப் பக்கத்துல இன்னொரு பெட்டி கெடக்கே, டைரக்டர் பயோகிராஃபின்னு. “மூன்று வயதிலிருந்தே சினிமாவைச் சுவாசிக்கும்” அப்படின்னு ஆரம்பிக்குது. மூணு வயசுல நீ மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டுத் திரிஞ்சே, நான்தான் துடைச்சு விட்டேன். அதை நாளைக்கு வச்சிக்கிடுவோம், எனக்கு மாத்திரை போடுத நேரம் ஆயிட்டு.